நேர்காணலுக்குப் பிறகு ஒரு கடிதம்

நேர்காணல் முடிந்து ஒரு வாரமாகியும் பதில் இல்லை. கேள்வி கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கு எந்த மொழியில் எழுதுவது?

அவர் முதலில் அனுப்பிய செய்தியைத் திறந்து பாருங்கள். அழைப்பு ஆங்கிலத்தில் வந்திருந்தால், நேரில் தமிழில் அரட்டை அடித்திருந்தாலும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அந்த மின்னஞ்சல் மேலதிகாரிக்கும் போகக்கூடும். ஆங்கிலத்தில் ஒரு பொறி உண்டு. திரையில் ‘முருகேசன் சண்முகம்’ என்றிருந்தால், சண்முகம் பெரும்பாலும் அவருடைய அப்பா. ‘டியர் மிஸ்டர் சண்முகம்’ என்று எழுதினால் அப்பாவுக்கே கடிதம் போட்டதாகிவிடும். ‘டியர் சார்’ போதும்.

தமிழ்ப் பதிப்பகம், பள்ளி போன்ற இடமென்றால் தமிழிலேயே எழுதலாம். ‘மதிப்பிற்குரிய ஐயா’, பெண்ணென்றால் ‘அம்மா’. ‘முடிவைத் தெரிவிக்கவும்’ என்பது சுற்றறிக்கையின் குரல், பெரியவரிடம் எடுபடாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம் ஐயா. சென்ற செவ்வாயன்று மெய்ப்புத் திருத்துநர் பணிக்காகத் தங்களைச் சந்தித்தேன். முடிவு எப்போது தெரியவரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.’

‘தங்களை’ என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் ‘நீங்க’ என்று இறங்காதீர்கள்.

கலப்பு நடை வாட்ஸ்அப்புக்குச் சரி, அதுவும் அவர் அப்படி எழுதியிருந்தால். ‘இன்டர்வியூ ரிசல்ட் பற்றிக் கேட்கலாமா சார்?’ உறுத்தாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால்தான் பலர் முகம் சுளிப்பார்கள்.