உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவில் ஆஸ்தலின் கேட்டால்…

ஆஸ்துமாவுக்கு இந்தியாவில் பலர் இழுக்கும் ஆஸ்தலின் இன்ஹேலர், அமெரிக்க மருந்துக்கடையில் அந்தப் பெயரில் கிடைக்காது. பெட்டியில் உள்ள மூலப்பெயரான சால்பியூட்டமாலைச் சொன்னாலும் கடைக்காரர் யோசிக்கலாம். அதே மருந்து அங்கே அல்பியூட்டரால். வென்டோலின் எச்எஃப்ஏ அதன் பிராண்டுகளில் ஒன்று; வாங்க அங்குள்ள மருத்துவரின் சீட்டு வேண்டும்.

அளவைப் பார்த்ததும் இன்னொரு குழப்பம் வரும். இந்தியப் பெட்டியில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம், அமெரிக்கப் பெட்டியில் 90. மருந்து குறையவில்லை, அளக்கும் இடம்தான் வேறு. வால்விலிருந்து வெளியேறுவது 100. வாய்க்குழாயில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ள, வாய்க்கு வந்து சேர்வது 90. எனவே மருத்துவர் இரண்டு அழுத்தம் என்று சொல்லியிருந்தால், 90-ஐப் பார்த்து மூன்றாக்கக் கூடாது.

பிராண்டுப் பெயர் ஒத்துப்போனால் போதும் என்று நம்புவதுதான் உண்மையில் ஆபத்து. ஃப்ளோமேக்ஸ் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்றது மார்னிஃப்ளுமேட் என்ற அழற்சி மருந்து. பயணத்துக்கு முன் மூலப்பெயர், அளவு, மருந்தின் வடிவம் மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, காலிப் பெட்டியையும் எடுத்துச் செல்லலாம்.