‘ஆம்’ தொலைந்த வாக்கியம்

கேள்விப்பட்டதைச் சொல்வதற்கென்றே தமிழில் ஓர் ஒட்டு இருக்கிறது. ‘தீப்பிடித்தது’ என்றால் சொல்பவர் அதற்குப் பொறுப்பு. ‘தீப்பிடித்ததாம்’ என்றால் பொறுப்பு வேறெங்கோ இருக்கிறது. எங்கள் அரியமங்கலத்தில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு பலமுறை எரிந்திருப்பதால் இந்த வித்தியாசம் அன்றாடம் புழங்கும் ஒன்று. பக்கத்து வீட்டம்மா மதிலோரம் நின்று ‘கிடங்குல திரும்ப நெருப்பாம்க்கா’ என்றால், அடுத்து வருவது ‘யாரு சொன்னா?’ என்ற கேள்விதான். அந்த ‘ஆம்’ கேள்விக்கு இடம் கொடுக்கிறது.

‘இடம் கொடுப்பது’ என்பதை இங்கே ஒரு கலைச்சொல்லாகவே பயன்படுத்துகிறேன். ஒரு சூழல் அதில் வாழும் உயிருக்கு எதைச் செய்ய இடம் தருகிறதோ அதை ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் ‘அஃபோர்டன்ஸ்’ என்றார். 1979இல் வெளிவந்த அவரது நூல் இதை விரித்துப் பேசுகிறது. திண்ணை உட்கார இடம் தருகிறது. மதில் சாய்ந்து பேச இடம் தருகிறது. கைப்பேசித் திரையிலுள்ள பொத்தானையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, அதே நெருப்புச் செய்தி வாட்ஸப்பில் எப்படிப் போகிறது? யாரோ ஒருவர் கிடங்கு எரியும் படத்தை அனுப்புகிறார். அதைப் பெற்றவர் அம்புக்குறியைத் தொட்டு இன்னொரு குழுவுக்குத் தள்ளுகிறார். அங்கே முதலில் அனுப்பியவரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. அவர் அனுப்பிய நேரமும் உதிர்ந்து, தள்ளிய நேரம் ஏறிக்கொள்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய புகை இன்று காலை 9.40க்கு எழுந்த புகையாகிவிடுகிறது. தள்ளியவரைக் கேட்டால் ‘வாட்ஸப்ல வந்துச்சு’ என்பார். வினைமுதல் இல்லாத இந்த ‘வந்துச்சு’ பொத்தான் நமக்குக் கற்றுத்தந்த இலக்கணம். முதலில் அனுப்பியவரே தவறை உணர்ந்து தன் செய்தியை எல்லோருக்குமாக அழித்தாலும், பிறர் தள்ளிவிட்ட நகல்கள் அப்படியே இருக்கும். மறுப்புக்குத் திரும்பிப் போக வழி கிடையாது.

புகைப் படத்தால் பெரிய சேதமில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது வேறு. குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி செத்தே போனார். ‘பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்களாம்’ என்று வாய்வழி வந்திருக்க வேண்டிய வதந்தி, ‘ஆம்’ உதிர்ந்து, படமும் குரலுமாகக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாட்டின் பல இடங்களில் இத்தகைய கொலைகள் தொடர, அந்த ஜூலையில் வாட்ஸப் இரண்டு காரியம் செய்தது. தள்ளப்பட்ட செய்தியின் தலையில் Forwarded என்ற முத்திரையைப் பதித்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ள முடியாதபடி செய்து, படங்களின் அருகிலிருந்த உடனடி அம்புக்குறியையும் எடுத்துவிட்டது.

அந்த முத்திரையை இயந்திரம் ஒட்டிய ‘ஆம்’ எனலாம். ஆனால் வாயால் சொல்லும்போது சொல்பவரே ஐயத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறார். முத்திரையோ யாருடைய ஐயமும் அல்ல. கொஞ்ச நாளில் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. செய்தியை நகலெடுத்து ஒட்டினாலோ திரையைப் படம்பிடித்து அனுப்பினாலோ முத்திரை காணாமல் போகும். ஐந்து கை மாறிய பிறகு Forwarded many times என்று காட்டுவதும் சங்கிலியின் நீளத்தை மட்டுமே சொல்கிறது. அன்று ஒரு குழுவின் உச்ச அளவு 256 பேர்; ஐந்து நிறைந்த குழுக்களுக்கு ஒரே தள்ளலில் போனது ஏறக்குறைய 1,280 பேரை எட்டிய பின்னும் வெறும் Forwarded தான்.

தடை பலித்த இடமும் உண்டு. 2020 ஏப்ரலில், இப்படிப் பலகை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே தள்ளலாம் என்றாக்கினார்கள். அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. ஒருவரது கருத்தும் மாறவில்லை. விரலுக்குக் கொஞ்சம் வேலை கூடியது, அவ்வளவுதான். நாம் ‘சொன்னோம்’ என்று நினைத்திருந்ததில் எவ்வளவு பொத்தான் சொன்னது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் ‘யாரு சொன்னா?’ என்பதற்குப் பொத்தான் வரவில்லை. குடும்பக் குழுவில் பெரியப்பா தள்ளியதைப் பார்த்து அதைக் கேட்க வேண்டுமானால், அத்தனை உறவும் பார்த்திருக்கத் தட்டச்ச வேண்டும். கட்டைவிரல் குறி போடுவது ஒரு தொடுகை. எது மலிவோ அதுவே மரியாதையாகிவிடுகிறது.

அந்தக் கேள்வியைக் கையிலெடுத்தது அரசு. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், அதிகாரபூர்வ உத்தரவு வந்தால் ஒரு செய்தியை இந்தியாவில் முதலில் அனுப்பியவரைப் பெரிய செயலிகள் அடையாளம் காட்ட வேண்டும் என்றன. மறையாக்கம் உடையும் என்று வாட்ஸப் அதே ஆண்டு தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. மதிலோரத்தில் பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்கும் ‘யாரு சொன்னா?’ வேறு, காவல் நிலையத்தில் கேட்கப்படும் ‘யாரு சொன்னா?’ வேறு. கிடங்குப் புகையைப் பற்றி உண்மையைச் சொல்பவர்தான் இரண்டாவது கேள்விக்கு முதலில் பயப்படுவார். முதல் கேள்விக்கு இடம் தராத ஒரு திரைதான் இரண்டாவதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறது.