ஹேண்ட்பால் ஆடலாம் வாங்க!

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே! ஹேண்ட்பாலைத் தமிழில் கைப்பந்து என்பார்கள். ஆனால் நம்ம திருக்கோகர்ணத்தில் கைப்பந்துன்னா பாதிப் பேர் வாலிபாலை நினைச்சுக்குவாங்க. அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.

முழு மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கம் ஏழு பேர். முதல் நாளே உங்களை அப்படி ஆட விட்டது எங்கள் தப்பு. உயரமான மூணு பேர் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினார்கள். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அண்ணே, நான் பந்தைத் தொடவே இல்லை" என்று அழுதுவிட்டாள்.

மறுநாள் 'பத்து பாஸ்' ஆட்டம் வைத்தோம். சின்னக் கட்டத்துக்குள் நாலு பேருக்கு நாலு பேர். பந்தைத் தரையில் தட்டக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இந்த இரண்டும் பெரிய ஆட்டத்திலும் உள்ள விதிதான். பந்து கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் நாங்களாகச் சேர்த்தது. விடாமல் பத்து பாஸ் போட்டால் ஒரு பாயிண்ட்.

ஆரம்பத்தில் மூணு பாஸுக்கு மேல் போகவில்லை. ஏன்? எல்லோரும் பந்தைச் சுற்றி ஈ மாதிரி மொய்த்தார்கள். எறிந்தவுடன் காலி இடம் பார்த்து ஓடச் சொன்னோம். பிறகுதான் ஆட்டம் நகர்ந்தது.

அடுத்தது ஷூட்டிங். கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலிருந்தும் 6 மீட்டர் கயிறு பிடித்து வளைத்துக் கோடு போட வேண்டும். நடுவில் 3 மீட்டர் நேர்கோடு. அதற்குள் கோல்கீப்பர் மட்டுமே நிற்கலாம். கோட்டை மிதித்தாலும் உள்ளே வந்த கணக்குதான். ஆனால் வெளியே காலை ஊன்றிக் குதித்து, அந்தரத்திலேயே பந்தை எறிந்துவிட்டு உள்ளே விழலாம். பந்தோடு விழுந்தால் கோல் கிடையாது, பந்து கீப்பருக்கு.

போன வாரம் ஒரு சண்டை. எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் குதித்தபடி பந்தைப் பிடித்து வலது காலில் இறங்கினான். பிறகு இடது, வலது, இடது வைத்துத் தாவி கோல் அடித்தான். "நாலு ஸ்டெப்பு!" என்று எல்லோரும் கத்தினார்கள். இல்லை. அந்தரத்தில் பிடித்து இறங்கும் முதல் கால் கணக்கில் வராது. அதற்கப்புறம் வைத்தது மூன்றுதான், கோல் சரி. வலது கையால் எறிபவர் இப்படி இடது காலில்தான் தாவணும். இடது கைக்காரருக்கு அப்படியே மாற்றி.

பந்தும் முக்கியம். பெரிய பந்தை ஒரு கையில் பிடிக்க முடியாமல் சின்னப் பிள்ளைகள் இரண்டு கையாலும் தள்ளிவிடுவார்கள். சுற்றளவு 50 முதல் 52 சென்டிமீட்டர் உள்ள பந்தே உங்களுக்குப் போதும். நூலால் அளந்து பாருங்கள்.

அழுத தங்கை இப்போது வலது ஓரத்தில் ஆடுகிறாள். நேற்று இரண்டு கோல். ஒன்றில் கோட்டை மிதித்துவிட்டாள், அதனால் கணக்கில் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கோடு போட இரண்டு பேர் வேண்டும். கயிறும் சுண்ணாம்புப் பவுடரும் எங்களிடம் இருக்கு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்