கல்லில் ஒட்டிய வெயில்

கணினி விளையாட்டில் வரும் கோட்டைச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அத்தனை நீளச் சுவரையும் யாரும் முழுதாக வரைவதில்லை. ஒரே சதுரப் படத்தைத் தரை ஓடு பதிப்பதுபோல அடுத்தடுத்துப் பதித்திருப்பார்கள். அந்தச் சதுரத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் இந்த டெக்ஸ்சர்கள் தூரிகையால் தீட்டியவை போலவே இருக்கும். அந்தப் பாணியில் வரைய விரும்புகிறவர், உண்மையான கற்சுவரைப் புகைப்படம் எடுத்து அதன் மேலேயே வரையலாம். கல்லின் அடுக்கும் நிறமும் பொய்யாகாமல் இருக்க அதுவே நல்ல வழி.

ஆனால் புகைப்படத்தில் கல்லோடு வெயிலும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது. மாலையில் எடுத்த படமென்றால் இடப்பக்கம் வெளுத்தும் வலப்பக்கம் இருண்டும் இருக்கும். அதை அப்படியே பதித்தால், சுவர் நெடுக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிப் பட்டை பட்டையாகத் தெரியும். விளையாட்டுக்குள் சூரியன் வேறு திசையில் நின்றால் கல்லின் நிழல் ஒரு பக்கமும் வீரனின் நிழல் மறுபக்கமும் விழும். ஆகவே முதல் வேலை, வெயிலை நீக்குவது.

படம் எடுக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். மேகம் மூடிய நாளில், சுவருக்கு நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். நேர்வெயிலில் விழும் கறுத்த நிழலுக்குள் கல்லின் விவரமே பதிவதில்லை. பதியாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

மீதியைக் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். சுவரில் 2048 பிக்சல் சதுரத்தை வெட்டி எடுத்துக்கொண்டோம், ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய 200 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். லேயரை நகலெடுத்து, மேல் நகலை Gaussian Blur கொண்டு 300 அளவுக்கு மங்கலாக்குங்கள். கற்கள் கரைந்து, வெளிச்சம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது மட்டும் மிஞ்சும். அந்த லேயரின் Mode-ஐ Grain extract என மாற்றினால் படத்திலிருந்து அந்த ஏற்றத்தாழ்வு கழிந்துவிடும். கூடவே நிறமும் வெளிறிப்போகும். சுவரின் சராசரி நிறத்தை ஒரு புதிய லேயரில் நிரப்பி, மேலே Grain merge ஆக வைத்தால் நிறம் திரும்பிவிடும்.

இங்கே பலரும் தவறுவது அந்த 300 என்ற அளவில்தான். அது கல்லின் அகலத்தைவிடச் சிறியதாக இருந்தால், கருங்கல்லுக்கும் வெளிர்கல்லுக்கும் உள்ள இயல்பான வேறுபாடும் அழிந்துபோகும். கருங்கல்லைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும். வளையம் தெரிந்தால் அளவைக் கூட்டுங்கள். வெளிச்சம் சரியாகப் போய்விட்டதா என்று அறிய, படத்தின் நகலைத் தலைகீழாகத் திருப்பி மூலப் படத்தின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே பொழுதில் எடுத்தவைபோலத் தெரிய வேண்டும்.

அடுத்தது விளிம்புகளைப் பொருத்துவது. கிம்ப்பில் Offset கட்டளை, படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தி, வெளியே போன பகுதியை மறுபக்கத்தில் கொண்டுவரும். நான்கு விளிம்புகளும் இப்போது நடுவில் சிலுவைபோல ஒட்டி நிற்கும். அந்தக் கோட்டில் பாதியாக அறுபட்ட கற்களை, வேறிடத்துக் கற்களை நகலெடுத்து மூடுங்கள். பிறகு மூன்றுக்கு மூன்றாக ஒன்பது படங்களைப் பதித்து, சிறிதாக்கிப் பாருங்கள். ஒரு வெள்ளைக்கல் ஒன்பது இடத்திலும் கண்ணில் குத்தினால், அதை மங்கலாக்கிவிடுவது நல்லது.

இதற்குப் பிறகே தூரிகை. கிரிட்டா மென்பொருளில் W விசையை அழுத்தினால், வலது விளிம்பைத் தாண்டும் கோடு இடது விளிம்பில் தொடரும். பொருத்தம் கெடாமல் வரைய இது பெரிய உதவி. புகைப்படத்திலிருந்தே நிறமெடுத்து, ஒவ்வொரு கல்லையும் மூன்று நான்கு சாயல்களில் அடக்குங்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் சொரசொரப்பை விட்டுவிட்டு, உடைந்த மூலை, ஆழமான விரிசல் போன்றவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இடுக்குகளுக்குத் தனிக்கறுப்பு வேண்டாம். நீலமோ பழுப்போ கலந்த இருட்டு உயிரோடு இருக்கும்.

கல்லின் மேல்விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றும் தீட்டுவார்கள். நீக்கிய ஒளியை மறுபடி ஏன் வரைய வேண்டும்? புகைப்படத்தின் ஒளி ஏதோ ஒரு மாலைக்கு உரியது. இதுவோ வானத்திலிருந்து எல்லாக் கற்களிலும் ஒரேமாதிரி விழுவது. சுவருக்கு எந்தத் திசையிலும் பொருந்தும். தரைக்குப் பொருந்தாது. தரையை எல்லாப் பக்கமிருந்தும் பார்ப்பதால், அங்கே இடுக்குகளின் இருட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மரத்துக்கும் துணிக்கும் இதே வரிசைதான். மரப்பலகையில் வெட்டுவிளிம்பு இரண்டு பலகைகளுக்கு இடையிலான இடைவெளியில் விழுந்தால் பாதித் தொல்லை குறையும். துணியில் மட்டும், வெட்டுவதற்கு முன்பே இழைகளை எண்ணிவிடுங்கள்: நெசவின் அமைப்பு முழு எண்ணிக்கையில் அடங்காத சதுரத்தில் ஓர் இழை பாதியில் அறுந்து நிற்கும், எவ்வளவு ஒட்டுப்போட்டாலும் அது மறையாது.