ஒரே பில், இரண்டு நன்கொடையாளர்கள்

ஒரு சிறிய அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறது. சில மையங்களுக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று நிதி தருகிறது. மற்ற மையங்களுக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதி வருகிறது. எல்லா மையங்களுக்குமாகச் சேர்த்து ஒரே கடையில் 40 பெஞ்சு வாங்குகிறார்கள். ஒன்றின் விலை 2,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 1,18,000 ரூபாய்.

பெஞ்சுகள் மையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, பில்லும் கோப்பில் ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்து இரு நன்கொடையாளர்களுக்கும் அறிக்கை அனுப்பும்போதுதான் சிக்கல் தலைதூக்குகிறது. இந்த 1,18,000 யார் கணக்கில் எவ்வளவு? யாருக்கும் நினைவில்லை. அவசரத்தில் இரண்டு அறிக்கையிலும் அதே பில்லின் நகலை முழுத்தொகைக்கு இணைத்துவிடுகிறார்கள். ஒரே செலவுக்கு இருவரிடம் பணம் கேட்டதாகிவிடுகிறது. திருடும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் தணிக்கையாளர் அதை இரட்டை உரிமைகோரல் என்றுதான் எழுதுவார்.

இதைத் தடுக்கும் வேலை பில் வந்த அன்றே நடக்க வேண்டும். 40 பெஞ்சில் 25 வெளிநாட்டு நிதி மையங்களுக்கு, 15 உள்ளூர் நிதி மையங்களுக்கு என்றால் கணக்கு எளிது. முதல் பங்கு 62,500, அதற்கான வரி 11,250, ஆக 73,750. இரண்டாம் பங்கு 37,500, வரி 6,750, ஆக 44,250. இரண்டையும் கூட்டினால் 1,18,000 வர வேண்டும். வரியைப் பிரிக்க மறந்து ஒரே திட்டத்தின் தலையில் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பெஞ்சுகளை ஏற்றிவந்த லாரிக்கு 4,000 ரூபாய் வாடகை என்றால் அதையும் அதே விகிதத்தில், 2,500, 1,500 என்று பிரிக்க வேண்டும். எந்த மையத்துக்கு எத்தனை பெஞ்சு போனது என்ற விநியோகப் பட்டியல்தான் இந்த விகிதத்துக்குச் சான்று.

இந்தக் கணக்கை அசல் பில்லின் மீதே முத்திரையிட்டு எழுத வேண்டும்: திட்டத்தின் பெயர், பட்ஜெட் தலைப்பு, பங்குத் தொகை, வவுச்சர் எண். அதன்பிறகு நகல் எடுத்தால், பில்லில் தனக்குரிய பங்கு எவ்வளவு, மீதி எங்கே போனது என்பது இரு நன்கொடையாளர்களுக்கும் தெரியும்.

இதைவிடச் சிறந்த வழியும் இருக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போதே கடைக்காரரிடம் இரண்டு பில் கேட்டு வாங்கிவிடலாம். வெளிநாட்டு நிதி கலந்திருந்தால் இது இன்னும் முக்கியம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். உள்ளூர்ப் பணத்தை அதில் கலக்கக் கூடாது. ஆகவே கடைக்காரருக்கு 73,750 ஒரு கணக்கிலிருந்தும் 44,250 மற்றொரு கணக்கிலிருந்தும் போக வேண்டும். ‘இப்போதைக்கு ஒரே கணக்கிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற எண்ணமே ஆபத்து.

சில நேரம் பங்கீடு சரியாக இருந்தும் தொகை ஒத்துப்போகாது. மையத்தைப் பழுதுபார்த்த ஒப்பந்ததாரர் ஒருவர் 50,000 ரூபாய்க்குப் பில் தருகிறார். அவர் தனிநபர்; ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர். 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 49,500 அனுப்புகிறார்கள். வங்கிப் பதிவேட்டைப் பார்த்து எழுதுபவர் அறிக்கையில் 49,500 என்று போடுவார். இணைத்திருக்கும் பில்லோ 50,000 என்று சொல்லும். செலவு 50,000தான். பிடித்த 500 அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குப் போகிறது. அதையும் அதே திட்டக் கணக்கிலிருந்து கட்டி, சலானைப் பில்லோடு சேர்த்துவைத்தால் இரண்டும் பொருந்திவிடும். அதேபோல், உடைந்த இரண்டு பெஞ்சைத் திருப்பி அனுப்பிக் கடைக்காரரிடம் கிரெடிட் நோட் வாங்கினால், அந்தத் தொகையை உரிய பங்கிலிருந்து கழித்தாக வேண்டும்.

வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம் போன்ற பொதுச் செலவுகளை எண்ணிப் பிரிக்க முடியாது. இடத்தின் பரப்பையோ ஊழியரின் நேரப் பதிவையோ அடிப்படையாக வைத்து, நிதியாண்டின் தொடக்கத்திலேயே விகிதத்தை எழுதிவைக்க வேண்டும். ஆண்டு முடிவில் எந்த நிதியில் பணம் மீதமிருக்கிறதோ அதன் மீது செலவை ஏற்றுவது பங்கீடு ஆகாது. மாதாமாதம் மாறும் விகிதத்தைப் பார்த்ததும் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

அறக்கட்டளை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிக்கையை அனுப்பும் முன் ஏதாவது ஐந்து பில்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எல்லா நன்கொடையாளர்களுக்கும் காட்டிய தொகைகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பில்லைவிட ஒரு ரூபாய் கூடினாலும் அறிக்கையை அனுப்பாதீர்கள். முதலில் கணக்கைத் திருத்துங்கள்.