கைக்கு வராத வட்டிக்கு வரி

அமெரிக்காவில் 10 ஆண்டில் 1,000 டாலர் தரும் கூப்பன் இல்லாக் கடன்பத்திரத்தை ஒருவர் 614 டாலருக்கு வாங்குகிறார். ஆண்டு வருவாய் 5 சதவீதம். இடையில் வட்டியாக ஒரு காசும் வராது. ஆனாலும் முதல் ஆண்டில் சேர்ந்த சுமார் 31 டாலரை வருமானமாகக் காட்டி, கையிலுள்ள வேறு பணத்திலிருந்து வரி கட்ட வேண்டும். கடைசி ஆண்டில் இது 48 டாலரை நெருங்கும்.

வட்டி முழுவதையும் முதிர்வு வரை தள்ளிப்போட்டு வரியை ஒத்திவைப்பதைத் தடுக்கவே இந்த விதி.

வரி கட்டிய வட்டி ஆண்டுதோறும் வாங்கிய விலையோடு கூட்டப்படும். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அடக்கவிலை 645 டாலர். இடையில் விற்பவர் இதைக் கூட்ட மறந்தால், அதே வட்டிக்கு இருமுறை வரி கட்ட நேரும். ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கில் வைத்திருப்போருக்கு இந்த ஆண்டு வரி கிடையாது.