பழைய சிம்மைத் தலைமுழுகும் முன்

வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள் கேஸ் இணைப்பை ஒப்படைக்கிறார்கள், வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குகிறார்கள், வண்டியை மச்சான் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். பத்து வருடமாகப் பையில் இருக்கும் கைபேசி எண்ணுக்கு மட்டும் ஒரு ஏற்பாடும் இருக்காது. அங்கே போய் புது நம்பர் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் வங்கி, மின்னஞ்சல், வருமான வரி என எதைத் திறக்கப் போனாலும் இரண்டாவது பூட்டின் சாவி, அதாவது ஓடிபி, அந்தப் பழைய எண்ணுக்குத்தான் வரும்.

சிம்மை அப்படியே போட்டுவைத்தால் என்ன ஆகும்? ப்ரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதை முடக்கலாம் என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை உயிரோடு வைத்திருப்பார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பேசுவது, அழைப்பு வருவது, நாம் எஸ்எம்எஸ் அனுப்புவது, டேட்டா செலவழிப்பது ஆகியவை பயன்பாட்டுக் கணக்கில் சேரும். நமக்கு வரும் எஸ்எம்எஸ் சேராது. அதனால் ஓடிபி வாங்குவதற்கென்றே அலமாரியில் ஒரு பழைய போனில் சிம்மைப் போட்டுவைத்திருப்பவரின் எண்ணும் ஒருநாள் செத்துப்போகலாம்.

துண்டிக்கப்பட்ட எண் சில மாதம் சும்மா கிடந்துவிட்டு வேறொருவருக்குப் போய்விடும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், புது வாடிக்கையாளர்களுக்குத் தரத் தயாராக இருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் முந்தைய சொந்தக்காரரின் ஏதாவது ஒரு இணையக் கணக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணை வாங்கியவர் நல்லவராக இருந்தால் உங்கள் வங்கி இருப்பு விவரம் அவருக்குத் தொந்தரவு. வேறு மாதிரி ஆளாக இருந்தால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பார்ப்பார்.

மதுரையிலிருந்து வேலைக்காக டொரன்டோ போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இருக்கும் சங்கடம், புது எண் அங்கே போய் இறங்கிய பிறகுதான் கிடைக்கும் என்பது. அந்த எண்ணை ஏற்ற வேண்டுமானால் பல இடங்களில் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள். ஆகவே சில மாதம் இரண்டு எண்களும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தாக வேண்டும். மற்ற வேலைகளெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது, ஓய்வாக உட்கார்ந்து போனின் எஸ்எம்எஸ் பெட்டியில் OTP என்று தேடச் சொல்லுங்கள். நினைவிலிருந்து பட்டியல் போட்டால் ஜிமெயிலும் வங்கியும் வரும், அவ்வளவுதான். எஸ்எம்எஸ் பெட்டியோ மறந்துபோன பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், ரயில் டிக்கெட், எல்ஐசி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போடும். code, verification என்றும் தேடிவிட்டால் பெரும்பாலும் எதுவும் தப்பாது.

முதலில் மின்னஞ்சல். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. கூகுள் கணக்கில் எண் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும்: 2-Step Verification என்பதில் ஒன்று, Recovery phone என்பதில் இன்னொன்று. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே கூகுள் குறியீடு அனுப்பக்கூடும். ஆகவே மாற்றிய மறுநாளே சிம்மைத் தூக்கி எறியக் கூடாது.

மதுரைக்காரரிடம் இன்னும் புது எண் இல்லையே? அதனால் அவர் எண்ணே தேவைப்படாத வழிக்கு மாறிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆதென்டிகேட்டர் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கக் குறியீட்டைப் போனுக்குள்ளேயே உருவாக்குகிறது. அதற்குச் சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், கடிகாரம் சரியாக ஓடினால் போதும். கூடவே Backup codes என்ற பக்கத்தில் பத்துக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதை அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். புது நாட்டில் புது போன் வாங்குவதாக இருந்தால், செயலியில் உள்ள கணக்குகளைப் புதிய போனுக்கு மாற்றும்வரை பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கக் கூடாது. இப்படிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

எல்லாம் முடிந்ததும் வேறொரு கணினியில் புதிதாக உள்நுழைந்து பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் துணையில்லாமல் உள்ளே போக முடிந்தால்தான் மாற்றம் நடந்ததாக அர்த்தம். அதற்குப் பிறகே பழைய எண்ணை நீக்கலாம்.

வாட்ஸப் எளிது. டொரன்டோ சிம் கிடைத்ததும் அமைப்புகளில் Change number என்பதில் பழைய எண்ணையும் புதியதையும் கொடுத்தால் அரட்டைகளும் குழுக்களும் கூடவே வந்துவிடும்.

வங்கிதான் இழுத்தடிக்கும். வெளிநாட்டில் குடியேறியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. வெளிநாட்டு எண்ணைப் பதிய அதுவே நல்ல தருணம். வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி வருமா, மின்னஞ்சலுக்கும் வருமா, இங்கே இல்லாமலே படிவம் கொடுக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கிளம்பும் முன் கிளையில் நேரில் கேட்டுவிடுவது நல்லது. யுபிஐயும் கனடா எண்ணில் ஓடும். 2023இல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் முதலில் அனுமதித்த பத்து நாடுகளில் கனடா இருக்கிறது, சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் ஆகியவையும் உண்டு. ஆனால் அந்த எண் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு இணைந்திருக்க வேண்டும்.

அதுவரை இந்திய சிம்மை என்ன செய்வது? பலர் அதை வீட்டில் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டொரன்டோவில் மாலை ஆறு மணி என்றால் மதுரையில் விடியற்காலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. "அப்பா, ஓடிபி வந்திருக்கா பாருங்க" என்று எழுப்பி, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். போனில் கேட்டால் ஓடிபி சொல்ல வேண்டும் என்று பெரியவர்களை நாமே பழக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அடுத்த முறை கேட்பது மகன்தானா?

சிம்மைக் கையோடு கொண்டுபோய் இரட்டை சிம் போனில் போட்டுக்கொள்வதே சரி. விமானம் ஏறும் முன் இன்டர்நேஷனல் ரோமிங் வசதியை இயக்கிவிட வேண்டும். அங்கே போன பிறகு இயக்குவது சில சமயம் முடியாமல் போகும். பொதுவாக ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குக் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தாலும் டேட்டா ரோமிங்கைத் திறந்துவைத்தாலும்தான் காசு கரையும். ரீசார்ஜ் செல்லுபடி தீர்ந்தால் சில நாளில் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ்களை 365 நாள் வரை தரலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் வழிவிட்டது. இந்த மாதிரி ஆட்களுக்கு அது தோதானது.

கடைசியில் மிஞ்சுவது ஆதார். அதில் வெளிநாட்டு எண் ஏறாது. வருமான வரித் தாக்கலைச் சரிபார்ப்பது, டிஜிலாக்கர் போன்ற பலவற்றுக்கு ஆதார் ஓடிபி தேவைப்படுகிறது. இந்தியாவில் வாடகை வருமானமோ வரி வேலையோ தொடரும் என்றால் இந்திய எண் ஒன்றை வைத்திருப்பதே மேல். அல்லது கிளம்பும் முன்பே, வீட்டில் நிரந்தரமாக இருப்பவரின் எண்ணை ஆதாரில் பதிந்துவிட்டுப் போகலாம்.

மற்றவை எல்லாம் மாறியாயிற்று என்று தோன்றினால், ஒரு மாதம் பழைய எண்ணுக்கு என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்வேன். விளம்பரம் மட்டும் வந்தால் ஒப்படைக்கலாம். நடுவே ஒரே ஒரு ஓடிபியோ, பணம் பற்று வைத்த செய்தியோ வந்தால், எந்தக் கணக்கு விட்டுப்போனது என்று அதுவே சொல்லிவிடும்.